தவணை வீட்டில் தூண் கம்பி: கொங்கிறீட் போடுமுன் வீட்டுக்காரர் பார்க்க வேண்டியது

வன்னியில் மீள்குடியேறிய குடும்பங்களுக்குக் கிடைத்த வீட்டுத் திட்டங்களில் பெரும்பாலானவை வீட்டுக்காரரே கட்டுநராக இருக்கும் முறையில் நடந்தவை. 2012 முதல் இந்திய உதவியுடன் நடந்த திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா தவணைகளாக வழங்கப்பட்டது. அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை எந்தக் கட்டத்துக்கு வந்திருக்கிறது என்பதைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்வையிட்டு உறுதிசெய்த பின்னரே அடுத்த தவணை விடப்படும். மேசனைப் பிடிப்பதும், கம்பி வாங்குவதும், வேலை சரியா என்று பார்ப்பதும் வீட்டுக்காரரின் பொறுப்பு. இந்த ஒழுங்கில் ஓர் ஓட்டை இருக்கிறது. உத்தியோகத்தர் வருகிற நாளில் தூண் கொங்கிறீட் போட்டு முடிந்திருந்தால், அதற்குள் கம்பி எப்படி நிற்கிறது என்பதை அவராலும் பார்க்க முடியாது. ஆகவே தூணுக்குக் கொங்கிறீட் போடும் நாளை முன்கூட்டியே அவருக்கு அறிவித்து, பலகை அடிக்குமுன் வந்து பார்க்கும்படி கேட்பது நல்லது. அவர் வர இயலாவிட்டால், அளவு நாடாவைக் கம்பியோடு சேர்த்துப் பிடித்துத் தொலைபேசியில் எடுத்த படங்களையாவது வைத்திருக்க வேண்டும்.

1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி, பிரதேச சபை அங்கீகரித்த வரைபடத்துக்கு அமையவே கட்டடம் எழுப்பப்பட வேண்டும். வேலை முடிந்ததும் இணக்கச் சான்றிதழும் பெற வேண்டும். பின்னாளில் மேல்மாடி எழுப்பும் எண்ணம் இருந்தால், பொறியியலாளர் வரைந்த கட்டமைப்பு வரைபடம் ஒன்று கையில் இருக்க வேண்டும். கீழே வரும் அளவுகள் அந்த வரைபடத்தை வாசித்துப் பார்ப்பதற்கு உதவுபவை. அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளத்தக்கவை அல்ல.

நமது ஊர்களில் அதிகமாகக் காணப்படுவது 9 அங்குலத் தூண். இதை 225 மி.மீ. சதுரம் என்று எடுத்துக்கொள்வோம். நான்கு மூலைகளிலும் 12 மி.மீ. டோர் கம்பி ஒவ்வொன்று நிற்கும். அவற்றைச் சுற்றி 6 மி.மீ. கம்பியில் வளைத்த ரிங் வரும். இலங்கைப் பொறியியலாளர்கள் நெடுங்காலமாகப் பின்பற்றிவரும் பி.எஸ். 8110 என்ற பிரித்தானிய விதித்தொகுப்பில் செவ்வகத் தூணுக்குக் குறைந்தபட்சம் கேட்கப்படுவதும் 12 மி.மீ. கம்பி நான்குதான். ஆகவே இந்தத் தூணில் குறைப்பதற்கு எதுவும் இல்லை.

தூணின் அடித்தளமான பூட்டிங்கில் ஊன்றி மேலே நீட்டிவிடும் கம்பியே ஸ்ராட்டர் கம்பி. அதன் அடி எல் வடிவில் வளைந்து பூட்டிங்கின் கம்பி வலையின் மேல் அமர்ந்திருக்கும். தூணின் பிரதான கம்பி பின்னர் இந்த ஸ்ராட்டரோடு உரசி நின்று கட்டுக்கம்பியால் கட்டப்படும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அந்த நீளத்தையே லாப் என்கிறோம். ஒரு கம்பியிலுள்ள விசை அடுத்த கம்பிக்குப் போவது கட்டுக்கம்பியின் வழியாக அல்ல, அவற்றைச் சுற்றியுள்ள கொங்கிறீட்டின் வழியாகத்தான். ஆகவே நீளம் குறைந்தால் விசை முழுவதும் கைமாறுவதற்குள் கம்பி முடிந்துவிடும். சாதாரணமாகப் பயன்படும் கொங்கிறீட்டுக்குக் கம்பியின் விட்டத்தைப் போல் 40 முதல் 45 மடங்கு நீளம் தேவைப்படுகிறது. 12 மி.மீ. கம்பிக்கு அது 480 முதல் 540 மி.மீ. வரை வரும். வேலைத்தளத்தில் 600 மி.மீ., அதாவது இரண்டு அடி என்று வைத்துக்கொண்டால் வெட்டுப் பிழைக்கும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

அந்த இரண்டு அடியை எங்கிருந்து அளப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். ஒட்டுசுட்டான் பக்கத்தில் நான் பார்த்த ஒரு வீட்டில் ஸ்ராட்டர் கம்பி பூட்டிங் மட்டத்திலிருந்து 4 அடி நீட்டியிருந்தது. வீட்டுக்காரர், "நாலடி விட்டிருக்கிறம், காணாதோ ஐயா?" என்று கேட்டார். நாடாவைப் பிடித்துக் காட்டினேன். பூட்டிங்கின் மேல்மட்டத்திலிருந்து பிளின்த் பீமின் மேல்மட்டம் வரை 750 மி.மீ. இருந்தது. அதற்கு மேல் தூணின் பலகையை நேராகப் பிடிப்பதற்கு 75 மி.மீ. உயரத்தில் கிக்கர் என்ற சிறு கொங்கிறீட் கட்டை போட வேண்டும். லாப் தொடங்குவது கிக்கருக்கு மேலேதான். 4 அடி என்பது ஏறத்தாழ 1,220 மி.மீ.; அதில் 825 மி.மீ. கீழேயே அடங்கிவிடுகிறது. மிச்சம் 395 மி.மீ., விட்டத்தின் 33 மடங்கு மட்டுமே. பூட்டிங் ஏற்கெனவே கொங்கிறீட் போட்டாயிற்று. ஆனால் பூட்டிங்குக்கு மேல் வரும் கழுத்துத் தூணும் அதன் தலையில் வரும் பிளின்த் பீமும் இன்னும் போடப்படவில்லை. அதனால் ஒரு வழி இருந்தது. புதிய கம்பிகளைப் பூட்டிங் மட்டத்திலிருந்தே ஸ்ராட்டரோடு முழு 4 அடிக்கும் உரசி நிறுத்தி, லாப்புக்குத் தேவையான நீளத்தைப் பிளின்த் பீமின் மேல்மட்டத்துக்குக் கீழேயே முடித்துக்கொண்டோம். ஒரு கிழமை கழித்துப் போயிருந்தால், துளையிட்டு இரசாயனப் பசையால் கம்பி ஊன்றுவதைத் தவிர வேறு வழி இருந்திராது. அதற்குப் பொறியியலாளரின் கணக்கும் வேண்டும், பணமும் வேண்டும்.

அந்த வீட்டில் நான்கு ஸ்ராட்டர்களும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருந்தன. வன்னியில் நான் பார்த்த தூண்களில் பெரும்பாலானவை அப்படித்தான் நிற்கின்றன. நான்கு லாப்புகளும் ஒரே மட்டத்தில் தொடங்கி ஒரே மட்டத்தில் முடிவதில் உள்ள கேடு என்ன? டோர் கம்பியின் வரிப்பற்கள் கொங்கிறீட்டைப் பிடிக்கும்போது அதை வெளிப்பக்கமாகத் தள்ளுகின்றன. லாப் உள்ள இடத்தில் இரண்டு கம்பிகள் ஒருங்கே தள்ளுவதால் மூலைக் கொங்கிறீட்டில் நெடுக்குப் பிளவு விழப் பார்க்கும். நான்கு மூலைகளும் ஒரே உயரத்தில் அப்படித் தள்ளினால், அந்த உயரத்தில் பிளவுபடாமல் நிற்கும் மூலை ஒன்றாவது மிஞ்சாது. கம்பி முடியும் இடங்களில் குறுக்கு வெடிப்பும் தொடங்கக்கூடும். நான்கு முனைகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது தூணைச் சுற்றி ஒரே கோடாக ஓடும். தூணின் அடியும் தலையும் வளைவு விசை அதிகமாக வரும் இடங்கள் என்பதால், பலவீனம் முழுவதையும் அங்கேயே குவித்துவைப்பது நல்லதல்ல. கம்பி நெருக்கத்தால் சல்லி இறங்காமல் கொங்கிறீட்டில் தேன்கூடு போல் ஓட்டைகள் விழுவதையும் காரணமாகச் சொல்வார்கள். ஆறு அல்லது எட்டுத் தடித்த கம்பிகள் உள்ள தூணுக்கு அது உண்மையான பிரச்சினை. நான்கு 12 மி.மீ. கம்பி மட்டுமுள்ள 9 அங்குலத் தூணில் அது அவ்வளவு பெரிதல்ல.

ஆகவே ஒரு மட்டத்தில் பாதிக் கம்பிகளுக்கு மேல் லாப் வரக்கூடாது. நான்கு கம்பித் தூணில் எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டைக் குட்டையாகவும் மற்ற இரண்டை நெட்டையாகவும் விட வேண்டும். எவ்வளவு நெட்டை என்பதற்கு இந்தியாவின் ஐ.எஸ். 456 விதித்தொகுப்பு ஒரு தெளிவான கணக்கைத் தருகிறது. ஒரு லாப்பின் நடுவுக்கும் அடுத்த லாப்பின் நடுவுக்கும் இடையில் லாப் நீளத்தின் 1.3 மடங்காவது இருக்க வேண்டும். 600 மி.மீ. லாப்புக்கு அது 780 மி.மீ. அப்படியானால் குட்டைக் கம்பி கிக்கருக்கு மேல் 600 மி.மீ. நிற்கும், நெட்டைக் கம்பி 1,380 மி.மீ. நிற்கும். ஒட்டுசுட்டான் வீட்டின் அளவில், பூட்டிங் மட்டத்திலிருந்து குட்டைக் கம்பி 1,425 மி.மீ., நெட்டைக் கம்பி 2,205 மி.மீ. என்று வெட்டியிருக்க வேண்டும்.

இதற்குக் கம்பி கூடச் செலவாகும் என்று மேசன்மார் சொல்வதுண்டு. அது சரியல்ல. ஸ்ராட்டர் 780 மி.மீ. நீண்டால், அதனோடு சேரும் மேல் கம்பி அதே 780 மி.மீ. குறையும். ஒரு தூணுக்குச் செல்லும் மொத்த நிறை மாறாது. வெட்டும் பட்டியல்தான் மாறும். உண்மையான தொல்லை வேறு. ஏழடிக்கு மேல் தனியாக நிற்கும் 12 மி.மீ. கம்பி சோளகக் காற்றில் ஆடும். அந்த ஆட்டம் இறுகாத கொங்கிறீட்டில் அடிப்பக்கத்தைத் தளர்த்திவிடும். ஆகவே நெட்டைக் கம்பிகளின் தலையில் இரண்டு மூன்று ரிங்குகளைத் தற்காலிகமாகக் கட்டி, தடியால் முட்டுக்கொடுத்து நிறுத்த வேண்டும்.

லாப்பைத் தூணின் அடியில் வைப்பதே சரிதானா என்றும் கேட்கலாம். நிலநடுக்கத்துக்கான இந்திய விதித்தொகுப்பு, அடியையும் தலையையும் விலக்கி, தூணின் நடுப்பாதி உயரத்துக்குள்ளேயே லாப் வர வேண்டும் என்கிறது. நமது பகுதியில் நிலநடுக்க அபாயம் குறைவு. சிறிய வீட்டின் தூண் பெரும்பாலும் அமுக்கத்திலேயே இருக்கும். அதனால் தளத்துக்கு மேலே லாப் வைக்கும் வழக்கம் இங்கே ஏற்கத்தக்கது. ஆனாலும் மேற்சொன்ன நெட்டைக் கம்பிகளின் லாப் தானாகவே நடுப்பகுதியை நோக்கிப் போய்விடுகிறது. இந்த முறையை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

ரிங் இடைவெளியைக் கேட்டால் எல்லோரும் "ஆறு அங்குலம்" என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். பி.எஸ். 8110இன்படி அது மிகச் சிறிய பிரதான கம்பியின் விட்டத்தைப் போல் 12 மடங்கைத் தாண்டக்கூடாது. 16 மி.மீ. கம்பிக்கு 192 மி.மீ. வரும், அங்கே ஆறு அங்குலம் தாராளமாகப் போதும். 12 மி.மீ. கம்பிக்கு 144 மி.மீ.தான், ஆறு அங்குலம் என்பது 150 மி.மீ.க்குச் சற்றே மேல். இடைவெளி கூடினால் அமுக்கத்தில் இருக்கும் மெல்லிய கம்பி இரண்டு ரிங்குகளுக்கு இடையில் வெளியே வளையப் பார்க்கும். ஆகவே ஐந்து அங்குலம் என்று சொல்லிவிடுங்கள். லாப் உள்ள உயரத்தில் நான்கு அங்குலமாக நெருக்கினால், முன்னர் சொன்ன நெடுக்குப் பிளவை ரிங்குகள் இறுக்கிப் பிடிக்கும். ரிங்கின் இரு முனைகளும் மூலைக் கம்பியைச் சுற்றி உள்ளே, தூணின் நடுவை நோக்கி வளைந்திருக்க வேண்டும். வெறும் 90 பாகையில் மடித்து விட்டால், மூலைக் கொங்கிறீட் உதிரும் நாளில் ரிங்கும் திறந்துவிடும்.

மேல்மாடிக்கென்று கூரைத் தட்டில் நீட்டிவிட்ட கம்பிகளுக்கும் இதே ஏற்ற இறக்கம் வேண்டும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உப்புக் காற்று பட்டு அவை சில வருடங்களிலேயே பொருக்கு விட்டுவிடும். மெலிந்த கொங்கிறீட்டால் மூடிவைத்து, மேல் வேலை தொடங்கும்போது உடைத்து எடுக்கலாம். எடுத்த பின் கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, விட்டத்தை அளந்து, குறைந்திருந்தால் பொறியியலாளரிடம் காட்ட வேண்டும். இடம் மாறி நிற்கும் கம்பியைத் தட்டு மட்டத்தில் சுத்தியலால் அடித்து மடக்குவது மட்டும் கூடாது. பக்கவாட்டில் 1 அங்குலம் நகர்த்த வேண்டுமானால் 10 அங்குல உயரத்தில் மெல்லச் சாய்க்க வேண்டும், சாய்வு தொடங்கும் இடத்தில் ஒரு ரிங் கட்டாயம் இருக்க வேண்டும்.