டேஷ்கேமில் தெரிந்த குழி சாலையில் எந்த மீட்டரில் இருக்கிறது?

டேஷ்கேம் வீடியோவில் குழியைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் விழுவதை இப்போது நிறையப் பேர் பார்த்திருப்பீர்கள். ஆனால் தாரும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு குழியை மூடப் போகிறவருக்கு அந்தக் கட்டம் ஒன்றுக்கும் உதவாது. சாலை தொடங்கும் இடத்திலிருந்து எத்தனையாவது மீட்டர், இடப்பக்கமா வலப்பக்கமா, அங்கே இருப்பது ஒரு குழியா மூன்றா, இதுதான் அவருக்குத் தெரிய வேண்டும். படத்தில் இருக்கும் கட்டத்தை இந்த ஒற்றை வரிப் பதிவாக மாற்றுகிற வேலையில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன, அதனால் இந்தக் கட்டுரையில் அதிகமாக அதைத்தான் பேசப்போகிறேன்.

கண்டுபிடிக்கும் பகுதியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படத்தில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்று கட்டம் போட்டுக் காட்டும் யோலோ வகை மாடல் ஒன்றை எடுத்து, சேதமடைந்த சாலைப் படங்களைக் காட்டிப் பழக்குவார்கள். இதற்கென்றே பொதுவில் கிடைக்கும் RDD2022 என்ற தொகுப்பில் ஜப்பான், இந்தியா, செக் குடியரசு, நார்வே, அமெரிக்கா, சீனா ஆகிய 6 நாடுகளின் 47,420 சாலைப் படங்கள் இருக்கின்றன. அதில் D00 என்றால் நீளவாக்கில் ஓடும் விரிசல், D10 குறுக்கு விரிசல், D20 முதலைத் தோல் மாதிரிப் பரவிய விரிசல், D40 குழி. மாடல் ஒவ்வொரு ஃப்ரேமையும் பார்த்து, கட்டம் எங்கே, எந்த வகைச் சேதம், எவ்வளவு நம்பிக்கையோடு சொல்கிறது என்ற மூன்றையும் தரும்.

சரி, கட்டம் கிடைத்துவிட்டது. அது காரிலிருந்து எத்தனை மீட்டர் தூரம்? கேமரா ஒன்றே ஒன்றுதான், ஆழம் அளக்கும் கருவி எதுவும் இல்லை. இருந்தாலும் சாலை தட்டையானது என்று எடுத்துக்கொண்டால், படத்தில் தொடுவானத்துக்கு எவ்வளவு கீழே அந்தக் குழி தெரிகிறது என்பதே தூரத்தைச் சொல்லிவிடும்.

```
Z = f * h / (y - y0)
```

`Z` குழியின் தூரம், `f` பிக்சல் கணக்கில் லென்சின் குவியத் தூரம், `h` தரையிலிருந்து கேமராவின் உயரம், `y` கட்டத்தின் அடி விளிம்பு இருக்கும் வரிசை, `y0` தொடுவானம் இருக்கும் வரிசை. கேமரா 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, `f` 1000 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். தொடுவானத்துக்கு 130 பிக்சல் கீழே தெரியும் குழி 10 மீட்டர் தூரத்தில் இருக்கிறது, 65 பிக்சல் கீழே தெரிந்தால் 20 மீட்டர்.

இதே கணக்கைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால், ஏன் தூரத்துக் குழியை நம்பக் கூடாது என்பதும் புரிந்துவிடும். 60 சென்டிமீட்டர் அகலமும் அதே நீளமும் உள்ள குழி ஒன்று 20 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது படத்தில் 30 பிக்சல் அகலம் இருக்கும், ஆனால் உயரம் வெறும் 2 பிக்சல்தான், ஏனென்றால் நாம் அதை ஏறக்குறைய தரை மட்டத்திலிருந்து சாய்வாகப் பார்க்கிறோம். அதாவது அது குழியாகவே தெரியாது, ஒரு கருங்கோடாகத்தான் தெரியும். 10 மீட்டருக்கு வந்தால் உயரம் 7 பிக்சல், 6 மீட்டரில் சுமார் 20 பிக்சல். இதில் இன்னொரு சிக்கல், 1920 பிக்சல் அகலப் படத்தை அப்படியே 640-க்குச் சுருக்கி மாடலுக்குக் கொடுப்பது பலருக்கும் வழக்கம். எல்லா அளவும் மூன்றில் ஒன்றாகிவிடும், அந்த 2 பிக்சல் கோடு ஒரு பிக்சல்கூட இல்லாமல் காணாமல் போகும். வானத்தையும் மரங்களையும் வெட்டி எறிந்துவிட்டு, கீழே இருக்கும் சாலைப் பகுதியை மட்டும் முழுத் தெளிவோடு மாடலுக்குக் கொடுப்பது இதைவிட எவ்வளவோ மேல்.

தூரக் கணக்கைக் கெடுக்கும் முக்கியமான விஷயம் காரின் தலையாட்டல். பிரேக் போட்டால் முன்பக்கம் கொஞ்சம் குனிகிறது. வெறும் 1 டிகிரி குனிந்தாலே தொடுவானம் படத்தில் 17 பிக்சலுக்கு மேல் நகர்ந்துவிடும், ஆனால் சூத்திரத்தில் இருப்பது பழைய `y0`. இதனால் 20 மீட்டரில் இருக்கும் குழி 27 மீட்டரில் இருப்பதாகக் கணக்கு வரலாம். அதே தலையாட்டல் 6 மீட்டரில் அரை மீட்டர் அளவுக்குத்தான் பிழை தரும். அதனால் குழியை எப்போது முதலில் பார்த்தோம் என்பது முக்கியமே இல்லை, தெளிவாகத் தெரியும் கடைசி நேரத்தில், 6 முதல் 8 மீட்டருக்குள் வரும்போது இருக்கும் அளவைத்தான் பதிவுக்கு எடுக்க வேண்டும்.

அப்புறம் எண்ணிக்கை. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நொடிக்கு 10 மீட்டர் நகர்கிறது, கேமரா நொடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கிறது. 16 மீட்டரிலிருந்து 6 மீட்டர் வரை ஒரு குழி கண்ணில் பட்டால் அது 30 ஃப்ரேமில் 30 கட்டமாக வரும். கட்டத்துக்கு ஒரு வரி என்று எழுதினால் ஒரே குழி 30 குழியாகிவிடும். வழக்கமாக இதற்கு அடுத்தடுத்த ஃப்ரேம்களில் ஒன்றன்மேல் ஒன்று விழும் கட்டங்களை இணைப்பார்கள், ஆனால் வைப்பர் மறைத்தோ மர நிழல் குறுக்கிட்டோ நாலைந்து ஃப்ரேம் தவறினால் சங்கிலி அறுந்து ஒரு குழி இரண்டாகிவிடும். எனக்கு இதைவிடப் பிடித்த வழி, ஒவ்வொரு கட்டத்தையும் உடனே சாலை மீட்டராக மாற்றிவிடுவது. கார் இப்போது 1,200-வது மீட்டரில் இருக்கிறது, குழி 14 மீட்டர் முன்னால் இருக்கிறது, அப்படியானால் 1,214. அரை நொடி கழித்து கார் 1,205-ல், குழி 9 மீட்டர் முன்னால், மறுபடியும் 1,214. உண்மையான குழி என்றால் எல்லாக் கட்டமும் ஒரே மீட்டரைச் சுற்றி வந்து விழும், நடுவில் சில ஃப்ரேம் தவறினாலும் கவலை இல்லை.

இந்த முறையில் கூடவே ஒரு நன்மையும் கிடைக்கிறது. கண்ணாடியில் பட்டுத் தெரியும் டேஷ்போர்டின் பிரதிபலிப்பு, முன்னால் போகும் வண்டிக்குக் கீழே இருக்கும் கருநிழல், இவற்றையும் மாடல் குழி என்று சொல்லும். இவை படத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பவை, அதனால் சாலை மீட்டராக மாற்றினால் 1,214, 1,219, 1,224 என்று காரோடு சேர்ந்து ஓடும். ஓடுகிற குழி கிடையாது, அழித்துவிடலாம்.

இனி இருப்பதிலேயே தொல்லையான பகுதி, கார் எங்கே இருக்கிறது என்பது. டேஷ்கேமின் ஜிபிஎஸ் பெரும்பாலும் நொடிக்கு ஒரு முறைதான் இடத்தைச் சொல்லும், நடுவில் இருக்கும் ஃப்ரேம்களுக்கு இரண்டு புள்ளிகளுக்கும் இடையே கணக்கிட்டுக்கொள்ளலாம், அது சுலபம். ஆனால் வீடியோவின் கடிகாரமும் ஜிபிஎஸ் கடிகாரமும் ஒத்துப்போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. படத்தில் பதிவாகும் இடம் ஒரு நொடி பழையதாக இருந்தால், நொடிக்கு 10 மீட்டர் போகும் காரில் எல்லாக் குழியும் 10 மீட்டர் பின்தள்ளிப் பதிவாகும். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் அழகாகச் சாலைமேல்தான் இருக்கும், தவறு கண்ணுக்கே தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. சாலையின் முழு அகலத்துக்கும் குறுக்கே ஓடும் ஏதாவது ஒரு கோட்டை, பாலத்தின் இணைப்பு இடைவெளி மாதிரி ஒன்றை, எடுத்துக்கொண்டு இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகும்போது அது 1,392 என்று பதிவாகிறது, அதே வேகத்தில் திரும்பி வரும்போது 1,408 என்று பதிவாகிறது என்றால், ஒவ்வொரு திசையிலும் 8 மீட்டர் பின்தங்குகிறது, உண்மையான இடம் நடுவில் 1,400. ஆனால் அந்த 8 மீட்டரும் கடிகாரத் தாமதம்தானா? கேமராவின் தூரக் கணக்கிலும் பிழை இருக்கலாமே. அதனால் அதே இடத்தை நொடிக்கு 5 மீட்டர் வேகத்திலும் கடந்து பார்க்க வேண்டும். இப்போது 1,397, 1,403 என்று வந்தால் பின்தங்கல் 3 மீட்டர். வேகம் 5 குறைந்தபோது பின்தங்கலும் 5 மீட்டர் குறைந்திருக்கிறது, அப்படியானால் தாமதம் சரியாக 1 நொடி. 10 மீட்டர் வேகத்தில் 1 நொடித் தாமதத்துக்கு 10 மீட்டர் பின்தங்கியிருக்க வேண்டும், 8 தான் வந்தது, எனவே கேமரா தூரத்தை 2 மீட்டர் கூட்டிச் சொல்கிறது, அதாவது `y0` அல்லது `h` தவறு. தாமதம் வேகத்தோடு வளரும், கேமராப் பிழை வேகத்தைப் பார்க்காது, இந்த ஒரு வித்தியாசம்தான் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது. கேமராவை எடுத்து மறுபடி ஒட்டினால் இந்தச் சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.

பக்கவாட்டு இடத்துக்கு ஜிபிஎஸ்ஸை நம்பவே வேண்டாம், சில மீட்டர் பிழை சாதாரணம், அது ஒரு தடத்தின் அகலத்தையே விழுங்கிவிடும். ஜிபிஎஸ் புள்ளியைச் சாலைக் கோட்டின்மேல் பொருத்தி நீளவாக்கு மீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு, பக்கத்தைக் கேமராவிடம் கேட்க வேண்டும். 7 மீட்டர் தூரத்தில் குழி படத்தின் நடுவிலிருந்து 150 பிக்சல் இடப்பக்கம் இருந்தால், 150 × 7 ÷ 1000, காரின் நடுக்கோட்டிலிருந்து 1.05 மீட்டர் இடது, இடச் சக்கரம் உருளும் தடத்துக்குச் சற்று வெளியே. மேம்பாலமும் அதன் கீழேயே அணுகுசாலையும் ஓடும் இடங்களில் புள்ளி தவறான சாலையில் போய் ஒட்டிக்கொள்ளும், ஒற்றைப் புள்ளியை வைத்து முடிவெடுக்காமல் முன்னும் பின்னும் கார் எந்தச் சாலையில் தொடர்ந்து போனது என்று பார்த்துத்தான் பொருத்த வேண்டும்.

ஒரே சாலையில் பல முறை ஓட்டும்போது நீளவாக்கில் 5 மீட்டருக்குள்ளும் பக்கவாட்டில் 1 மீட்டருக்குள்ளும் விழும் பதிவுகளை ஒன்றாகச் சேர்க்கலாம், குழிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் இந்த எல்லையைக் குறுக்க வேண்டியிருக்கும். மர நிழல் காரோடு ஓடாது, அதனால் முந்தைய சோதனையில் தப்பிவிடும், காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் ஓட்டினால்தான் பிடிபடும். ஆழத்தை மட்டும் ஒற்றைக் கேமராவால் சொல்ல முடியாது, தண்ணீர் நிறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். போனின் அதிர்வுமானி உதவும், ஆனால் சக்கரம் குழியில் இறங்கினால்தான், ஓட்டுநரோ முடிந்தவரை ஒதுங்கித்தான் போவார்.

பலரும் பதிவில் சேர்க்க மறக்கும் விஷயம் ஒன்று உண்டு. குழிகளை மட்டும் எழுதி வைத்தால், பதிவில்லாத இடம் நல்ல சாலையா, முன்னால் லாரி போனதால் பார்க்கவே முடியாத இடமா என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. அதனால் எந்த மீட்டரிலிருந்து எந்த மீட்டர் வரை, எந்தத் தடத்தில், சாலைப் பரப்பு மறைவில்லாமல் தெரிந்தது என்பதையும் தனியாகப் பதிய வேண்டும். அந்தப் பதிவு இருந்தால்தான் 1,214-வது மீட்டர்க் குழி அடுத்த ஓட்டத்தில் வராதபோது அது மூடப்பட்டுவிட்டதா, இல்லை ஒரு வண்டி மறைத்ததா என்று முடிவு செய்ய முடியும். அந்த இடம் தெளிவாகத் தெரிந்த இரண்டு மூன்று ஓட்டங்களிலும் குழி வரவில்லை என்றால் அந்த வரியை மூடலாம், அதற்கு முன் மூடக்கூடாது.