பேண்டேஜ்: கட்டு வேறு, காயத்துணி வேறு

'பேண்டேஜ்' பிரெஞ்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். அடிச்சொல்லான 'பாந்த்' என்பதற்குத் துணிப்பட்டை என்று பொருள். தமிழில் இதற்குக் 'கட்டு' என்ற சொல் நன்றாகவே பொருந்தும். எலும்பு முறிவுக்கு மாவுக்கட்டு என்றுதானே சொல்கிறோம். கட்டப் பயன்படும் பட்டையைக் 'கட்டுத்துணி' எனலாம்.

குழப்பம் வருவது 'டிரெஸ்ஸிங்' என்ற சொல்லில். காயத்தைத் தொட்டு மூடுவது அதுதான். அதை நகராமல் பிடித்து நிறுத்துவது கட்டு. பேச்சில் இரண்டையும் 'கட்டு' என்றே சொல்வதால், மாணவர்கள் சுருள்துணியை நேராகக் காயத்தின்மேல் சுற்றிவிடுகிறார்கள். டிரெஸ்ஸிங்கைக் 'காயத்துணி' என்று தனியாகச் சொல்லிக்கொடுப்பது நல்லது. 1920-இல் உருவான பேண்ட்-எய்டு, அதாவது நம் பிளாஸ்திரி, இரண்டும் ஒன்றாக ஒட்டிய பொருள்.

ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை இந்த வேறுபாட்டை ரத்தமின்றிக் காட்டலாம். முன்கையில் பேனாவால் 3 செ.மீ. கோடு வரையுங்கள்; அதுதான் காயம். காயத்துணி கோட்டைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ.க்கு மேல் நீண்டிருக்க வேண்டும். துணியை எடுக்குமுன் மாணவரின் விரல்களில் கொஞ்சம் மஞ்சள்தூள் தடவிவிடுங்கள். நடுவில் பிடித்தால் காயம் படும் இடத்திலேயே மஞ்சள் கறை விழும். கையில் இருந்த அழுக்கு எங்கே போய்ச் சேரும் என்பது அப்போது புரிந்துவிடும்; மறுமுறை ஓரத்தை மட்டும் பிடிப்பார்கள். வெறும் பஞ்சு வேண்டாம், அதன் இழைகள் காயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது கட்டு. வளையல், கைக்கடிகாரம், கையில் கட்டிய கயிறு எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிட வேண்டும். 5 செ.மீ. அகலச் சுருளை மணிக்கட்டருகே இரண்டு சுற்று சுற்றி நிலைப்படுத்தி, முழங்கைப் பக்கமாக ஏறுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் மூன்றில் இரண்டு பங்கை மூட வேண்டும். இடைவெளி விட்டால் காயத்துணி நழுவும். நுனியை ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள், ஊக்கு வேண்டாம். கழுத்தில் கட்டிப் பழக எந்த மாணவரையும் விடக்கூடாது.

இறுக்கம் அதிகமானால் விரல் வீங்கும், மரத்துப்போகும். ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகளில் அழுத்தம் குறைவு என்பதால் அவைதான் முதலில் நசுங்கும். கட்டி முடித்ததும் விரல் நகத்தை 5 விநாடி அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் 2 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். தாமதமானால் உடனே அவிழ்த்துத் தளர்வாகச் சுற்ற வேண்டும். உண்மையான காயத்தில் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இப்படிப் பார்க்க வேண்டும்; வீக்கம் கூடக்கூட, சரியாக இருந்த கட்டும் இறுகிவிடும். மருதாணி இட்ட நகத்தில் நிறமாற்றம் தெரியாது, மருதாணி இல்லாத விரலை அழுத்திப் பாருங்கள்.