சம்பளச் சீட்டு இல்லை, பில் மட்டும்தான்: இஎஸ்ஐ கிடைக்காமல் போவது எப்படி, மீட்பது எப்படி

வீட்டு உபயோகப் பொருள் விற்கும் ஒரு ஷோரூமை எடுத்துக்கொள்வோம். பதிவேட்டில் எட்டுப் பேர் ஊழியர்கள். ஏசி மாட்ட, கழற்ற, பழுது பார்க்க இன்னும் ஆறு டெக்னீஷியன்கள் இருக்கிறார்கள். இந்த ஆறு பேரிடமும் வேலையில் சேரும்போதே ஒரு தாள் எழுதி வாங்கியிருப்பார்கள்: ‘நான் சுயதொழில் செய்பவன், நிறுவனத்தின் ஊழியர் அல்ல.’ மாதக் கடைசியில் ஷோரூமே அச்சடித்து வைத்திருக்கும் பில்லில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 18,000 ரூபாயைக் கணக்கில் போடுவார்கள். சம்பளச் சீட்டும் கிடையாது, தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐ எண்ணும் கிடையாது.

இதில் நிறுவனம் மிச்சம் பிடிப்பது எவ்வளவு? இஎஸ்ஐ பங்களிப்பு 2019 ஜூலை முதல் ஊழியர் பக்கம் 0.75 சதவீதம், முதலாளி பக்கம் 3.25 சதவீதம். 18,000 ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் ஊழியர் தர வேண்டியது 135, முதலாளி தர வேண்டியது 585. ஆக நிறுவனத்துக்கு மிச்சம் மாதம் 585 ரூபாய், அவ்வளவுதான். இரு பங்கும் சேர்ந்தாலே 720 ரூபாய்தான்.

அந்த டெக்னீஷியன் வேலை நேரத்தில் ஏணியிலிருந்து விழுந்து, கால் முறிந்து 75 நாள் வீட்டில் கிடக்கிறார் என்று வையுங்கள். இஎஸ்ஐ-யில் இருந்திருந்தால் சிகிச்சைச் செலவு முழுவதும் அவர்களுடையது. அதோடு வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி நாள் ஊதியத்தில் 90 சதவீதம் கிடைத்திருக்கும். நாள் ஊதியம் 600 என்றால் தினம் 540, 75 நாளுக்கு 40,500 ரூபாய். கால் பழையபடி ஆகாமல் ஊனம் தங்கிவிட்டால், மருத்துவக் குழு நிர்ணயிக்கும் விகிதத்தில் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். நோய்க்காலப் பணம் கேட்க 78 நாள் பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். வேலையிட விபத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. வேலையில் சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உரிமை உண்டு.

எழுதிக் கொடுத்த தாள் இந்த உரிமையைப் பறித்துவிடாது. சட்டம் கொடுத்த பாதுகாப்பை வேண்டாம் என்று இருவர் தமக்குள் எழுதிக்கொள்வது செல்லாது. அந்தத் தாளை விட, வேலை உண்மையில் எப்படி நடக்கிறது என்பதற்குத்தான் மதிப்பு அதிகம். 1973-இல் சில்வர் ஜூபிலி டெய்லரிங் ஹவுஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. அங்கே தையல்காரர்களுக்குத் துணிக்கு இவ்வளவு என்று கூலி. தினமும் வந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனாலும் தையல் இயந்திரங்கள் கடையுடையவை, தைத்தது சரியில்லை என்று திருப்பித் தரும் அதிகாரமும் கடைக்கே இருந்தது. அவர்கள் ஊழியர்களே என்று தீர்ப்பு வந்தது.

நம் டெக்னீஷியனிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் அப்படிப்பட்டவைதான். இன்று எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? டிரில்லிங் மெஷினும் கேஸ் சிலிண்டரும் யாருடையவை? வாடிக்கையாளரிடம் கூலி பேசுவது யார்? தன்னால் வர முடியாத நாளில் வேறொருவரை அனுப்பலாமா, அல்லது லீவு கேட்க வேண்டுமா? வேறு கடைக்கு வேலை செய்ய விடுகிறார்களா? இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ‘ஷோரூம்தான்’ என்று பதில் வந்தால், பில் என்ன சொன்னாலும் அவர் ஊழியர்தான்.

இன்னொரு சங்கதி பலர் கண்ணில் படுவதில்லை. இஎஸ்ஐ கட்டாயமாக வருவது பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்துக்கு. ‘எங்களிடம் எட்டுப் பேர்தான், எங்களுக்குச் சட்டமே பொருந்தாது’ என்று ஷோரூம் சொல்லலாம். அந்த ஆறு பேரும் ஊழியர்கள் என்று ஆகிவிட்டால் எண்ணிக்கை பதினான்கு. அதுவரை வெளியே இருந்த எட்டுப் பேரும் சேர்ந்தே உள்ளே வந்துவிடுவார்கள். அதனால் புகார் எழுதும்போது உங்கள் கதையை மட்டும் எழுதாமல், அங்கே மொத்தம் எத்தனை பேர் என்ன வேலை செய்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள்.

புகாருக்கு முன் ஆதாரத்தைச் சேர்த்து வையுங்கள். தினசரி வேலை ஒதுக்கும் வாட்ஸ்அப் குழுதான் பெரும்பாலும் முதல் சாட்சி. தகராறு தொடங்கிய நிமிடமே குழுவிலிருந்து தூக்கிவிடுவார்கள். அதற்கு முன்பே முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து வேறிடத்தில் வையுங்கள். மாதாமாதம் ஒரே இடத்திலிருந்து, ஏறக்குறைய ஒரே தேதியில் பணம் வருவதைக் காட்டும் வங்கிக் கணக்குத் தாள், அடையாள அட்டை, சீருடையில் உள்ள படம், லீவு கேட்ட செய்தி, வராத நாளுக்குப் பிடித்த தொகை, எல்லாமே உதவும். வருமான வரிக் கணக்கில் உங்கள் பெயருக்கு எதற்காக வரி பிடித்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். சம்பளம் என்றில்லாமல் ஒப்பந்தத் தொகை என்றோ தொழில்முறைக் கட்டணம் என்றோ இருந்தால், யார் எவ்வளவு கொடுத்தார் என்பதற்கு அதுவே சான்று.

புகாரை எழுத்தில் இஎஸ்ஐ கிளை அலுவலகத்திலோ மண்டல அலுவலகத்திலோ கொடுத்து, நகலில் ஏற்பு முத்திரை வாங்குங்கள். தமிழ்நாட்டில் மண்டல அலுவலகம் சென்னையில். கோவை, மதுரை, சேலம், திருநெல்வேலியில் துணை மண்டல அலுவலகங்கள் உள்ளன. ஆய்வுக்கு வரும் அலுவலர் சம்பளப் பதிவேட்டோடு நிற்க மாட்டார். கணக்குப் பேரேட்டையும் புரட்டுவார். டெக்னீஷியன்களுக்குக் கொடுத்த பணம் அதில் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்றோ ‘பராமரிப்புச் செலவு’ என்றோ உட்கார்ந்திருக்கும். அந்தத் தலைப்பைப் புகாரிலேயே குறிப்பிட்டால் தேடும் வேலை மிச்சம்.

முடிவில் பாக்கி நிர்ணயமானால் இரு பங்கையும் முதலாளிதான் கட்ட வேண்டும். இரண்டு ஆண்டுப் பாக்கி என்றால் 720 பெருக்கல் 24, அதாவது 17,280 ரூபாய், அதற்கு மேல் வட்டியும். ‘உன் பங்கு பாக்கியை இந்த மாதச் சம்பளத்தில் பிடிக்கிறேன்’ என்றால் அது தவறு. ஊழியர் பங்கை அந்தந்தக் காலச் சம்பளத்திலிருந்துதான் பிடிக்க முடியும்; முன்பு பிடிக்காமல் விட்டது முதலாளியின் தலையில்தான். ஐந்து ஆண்டுக்கு முந்தைய பாக்கியைத் தோண்ட முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

விபத்து நடந்த பிறகுதான் புகார் என்றால் முதல் நாளிலேயே காரியம் கெடுவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டில். ‘செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், வீட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்’ என்பார்கள். அப்படி எழுதிவிட்டால் பிறகு மாற்றுவது பெரும்பாடு. எந்த முகவரியில், யார் அனுப்பிய வேலையில், எத்தனை மணிக்கு விழுந்தார் என்று பதிவாக வேண்டும். முதலாளிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். சில இடங்களில் விபத்து நடந்த அன்றே அவசரமாக இஎஸ்ஐ-யில் பதிவு செய்வார்கள், சேர்ந்த தேதியும் அன்றைய தேதியாகவே இருக்கும். அந்தத் தேதியை ஏற்றுக் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவு செய்யத் தவறியதாலோ விபத்துக்குப் பின் பதிவு செய்ததாலோ ஊழியருக்கு நேரும் இழப்புக்கு இஎஸ்ஐ கழகம் பணப்பயன் கொடுத்துவிட்டு, அதை முதலாளியிடம் வசூலிக்க 2020-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இடம் தருகிறது. இச்சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ளது.

‘ஊழியரே அல்ல’ என்று முதலாளி பிடிவாதம் பிடித்தால் அதைத் தீர்க்கும் இடம் ஊழியர் காப்பீட்டு நீதிமன்றம். பிரச்சினை எழுந்த மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும்.

எல்லாருக்கும் இது பொருந்தாது. மாத ஊதியம் 21,000 ரூபாயைத் தாண்டினால் இஎஸ்ஐ வராது; மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. சொந்தக் கருவியோடு, நாலு கடைக்கு வேலை செய்து, கூலியைத் தானே பேசி, தேவைப்பட்டால் உதவியாளை அனுப்பும் டெக்னீஷியன் உண்மையிலேயே சுயதொழில் செய்பவர்தான். செயலி வழியாக உணவு, பொருள் கொண்டு சேர்ப்பவர்களைப் புதிய சட்டம் தனிப் பிரிவாக வைத்து, அவர்களுக்குத் தனி நிதி என்கிறது. அது இஎஸ்ஐ அல்ல. அதைச் சாக்காக வைத்து ஷோரூம் டெக்னீஷியனையும் ‘கிக் தொழிலாளி’ என்று சொன்னால், மேலே உள்ள அதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.