கலினா: சொல் விளக்கம்

உக்ரைனிய நாட்டுப்பாடல்களில் அடிக்கடி வரும் புதர்ச்செடி கலினா. தாவரவியல் பெயர் வைபர்னம் ஓபுலஸ். சுமார் 4 மீட்டர் வரை வளரும். இலையுதிர் காலத்தில் கொத்துக்கொத்தாகச் சிவந்த பழங்கள் கனத்துத் தொங்கும். பழம் கசக்கும், உறைபனி பட்ட பிறகு கசப்பு கொஞ்சம் தணியும்.

பழைய ஸ்லாவிய மொழியிலேயே இருந்த சொல் இது. ரஷ்யனிலும் போலிஷிலும் இன்றும் உண்டு. வேர் பற்றி இரண்டு விளக்கங்கள் சொல்வார்கள். ஈர நிலத்தில் வளர்வதால் சேற்றைக் குறிக்கும் 'கல்' என்ற வேரிலிருந்து வந்தது என்பது ஒன்று. இரும்பைச் செக்கச்செவேலெனக் காய்ச்சுவதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது என்பது இன்னொன்று.

இந்தச் சொல்லை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது எவ்வளவு சிக்கல் என்பதற்கு 'ஓய் உ லூஸி செர்வோனா கலினா' என்ற பாடலே போதும். கோசாக் போர்வீரர்களின் பழைய பாட்டு ஒன்றை எடுத்து 1914-இல் கவிஞர் ஸ்தெபான் சர்னெத்ஸ்கி புதுக்கினார். அது முதல் உலகப்போரில் போரிட்ட உக்ரைனியப் படையான சீச் துப்பாக்கி வீரர்களின் நடைப்பாட்டு ஆனது. 2022-இல் உக்ரைனியப் பாடகர் ஆந்திரி க்லிவ்னியூக் கீவ் நகரச் சதுக்கத்தில் நின்று பாடியதும், பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் இசைக்குழு அந்தக் குரலை வைத்துப் பாட்டு வெளியிட்டதும் பலருக்கு நினைவிருக்கும். முதல் நான்கு அடிகளின் பொருள் இது: ஆற்றோரத் தாழ்நிலத்தில் செங்கலினா தலைசாய்ந்தது, ஏனோ நம் புகழ்மிகு உக்ரைன் துயருற்றது, நாமோ அந்தச் செங்கலினாவை நிமிர்த்துவோம், நாமோ நம் உக்ரைனை மகிழ்விப்போம்.

ஆங்கிலத்தில் இதற்குக் 'கெல்டர் ரோஸ்' என்று பெயர். நெதர்லாந்தின் கெல்டர்லாந்து பகுதியை ஒட்டி வந்த பெயர் அது; செடி ரோஜாவே அல்ல. அப்படிப் போட்டால் படிப்பவர் மனத்தில் தோட்டத்து ரோஜா வந்து நின்றுவிடும். 'ஹைபுஷ் கிரான்பெர்ரி' என்றால் பழரசமும் விருந்துச் சட்டினியும் ஞாபகத்துக்கு வரும். 'ரெட் வைபர்னம்' தப்பில்லை, ஆனால் நர்சரியில் செடியில் தொங்கும் அட்டை மாதிரி இருக்கிறது. உக்ரைனியருக்கோ கலினா என்பது பெண், கல்யாண ரொட்டியின் அலங்காரம், போரில் இறந்தவன் கல்லறையில் நடும் செடி. எனவே கலினாவைக் கலினாவாகவே விட்டு, பக்கத்தில் 'சிவந்த' என்ற அடையை வைத்தால் போதும் என்பது என் கருத்து. அடிக்குறிப்பு வேண்டுமானால் ஒரு வரி.

சொல்லைக் காப்பாற்றினாலும் இலக்கணம் வேறொரு இடத்தில் கவிழ்க்கும். உக்ரைனிய மொழியில் கலினாவும் உக்ரைனும் பெண்பால். சாய்ந்தாள், துயருற்றாள் என்ற இரண்டு வினைகளும் ஒரே விகுதியில் முடிந்து இயைபாக ஒலிக்கும்: பொஹிலிலாஸ்யா, ஸஷூரிலாஸ்யா. செடியும் நாடும் ஒரே ஆள் என்பது அந்த ஒலியிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'இட்' போட்டால் இந்த இணைப்பு அறுந்துவிடும். 'பௌஸ் ஹெர் ஹெட்' என்று பெண்பாலைக் கொண்டுவருவது நல்ல வழி. 'பென்ட் டவுன்' என்றால் காற்று வளைத்த கிளை மட்டுமே தெரியும்.

இரண்டாவது சிக்கல் 'ஏனோ' என்ற சொல். 'ஃபார் சம் ரீசன்' என்று அப்படியே போடுவது கச்சேரி நடுவில் ஆபீஸ் கடிதம் படிப்பது போல இருக்கும். 'வொய்' என்று கேள்வியாக்கினால் ஒப்பாரியாகிவிடும். காரணம் தெரிந்தும் சொல்லாமல் விடுகிற அடக்கம்தான் இங்கே வேண்டும். 'சம்திங் ஹாஸ் செட் அவர் உக்ரைன் கிரீவிங்' என்பது ஓரளவு பொருந்தும்.

மூன்றாம் அடி 'நாமோ' என்று திரும்புகிறது. அதை விட்டுவிட்டால் வெறும் சபதம் மிஞ்சும்; வைத்தால் துயருக்கு எதிராக ஒரு கூட்டம் எழுகிறது. 'மகிழ்விப்போம்' என்பதைச் சிலர் 'சியர் அப்' ஆக்குகிறார்கள். சோர்ந்த நண்பனுக்குத் தேநீர் வாங்கித் தருகிற அளவுக்கு அது சிறுத்துவிடுகிறது. 'மேக் கிளாட் அகெய்ன்' இருக்கலாம்.

சரி, தமிழில் இந்த உத்திக்குப் பெயர் என்ன? உடனே உள்ளுறை என்று சொல்லத் தோன்றும். ஆனால் உள்ளுறையில் கருப்பொருள் மட்டும் பேசும், மறைபொருளை நாம் ஊகிக்க வேண்டும். இங்கே உக்ரைன் வெளிப்படையாகவே வருகிறது. உவமையும் பொருளும் தனித்தனி வாக்கியமாக நின்று, 'போல' என்ற உருபு மறைந்திருக்கிறது. 'அகர முதல எழுத்தெல்லாம்' என்ற குறளில் இருக்கிற அதே எடுத்துக்காட்டு உவமைதான் இது. ஆகவே எந்த மொழியிலும் 'போல' சேர்க்கக் கூடாது. சேர்த்தால் கலினா வெறும் உவமையாகச் சுருங்கிவிடும்.

செடிக்குத் தமிழ்ப்பெயர் தேடுவது வீண்வேலை. நீலகிரிச் சோலைகளில் வைபர்னம் பேரினத்துச் செடிகள் உண்டு. அவை வேறு இனங்கள். கலினா என்றே எழுதலாம். இன்னொன்று: முதலடிக்கு 'வாடியது' என்ற சொல் எளிதாக வாயில் வரும், அதைத் தவிர்க்க வேண்டும். கலினா வாடவில்லை; பழச்சுமையோடுதான் சாய்ந்திருக்கிறது. அப்படி இருந்தால்தான் மூன்றாம் அடியில் அதை நிமிர்த்த முடியும்.