அந்தரத்தில் தொங்கும் பின்

ஒரு பழைய போர்டு. அதில் 74LS00 என்ற டிடிஎல் சிப் இருக்கிறது. உள்ளே நான்கு நேண்ட் கேட்கள். அவற்றில் ஒன்றே ஒன்றுக்குத்தான் வேலை: பின் 1-இல் வரும் கிளாக் சிக்னலைத் தலைகீழாக்கி பின் 3 வழியாக கவுன்டருக்கு அனுப்புவது. இரண்டாவது இன்புட்டான பின் 2-ஐ வடிவமைத்தவர் எங்கேயும் இணைக்கவில்லை. மீதி மூன்று கேட்களின் இன்புட்களும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. போர்டு வருடக்கணக்கில் ஓடியது.

ஒருநாள் அந்த சிப் போய்விடுகிறது. கையில் 74LS00 இல்லை, 74HC00 இருக்கிறது. பின்களின் வரிசை அதேதான், வேலையும் அதே நேண்ட்தான், ஆனால் இது சிமாஸ். மாட்டியதும் கவுன்டர் சில நொடி ஓடுகிறது, நிற்கிறது, கையைப் பக்கத்தில் கொண்டுபோனால் மறுபடி ஓடுகிறது. சிப் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. இதைப் பார்ப்பவர் புது சிப்பைத்தான் முதலில் சந்தேகப்படுவார். சிப்பில் குறை எதுவும் இல்லை. இத்தனை வருடம் டிடிஎல் மூடி மறைத்த தப்பை சிமாஸ் வெளியே கொண்டுவந்திருக்கிறது, அவ்வளவுதான்.

டிடிஎல் ஏன் மறைத்தது? அதன் இன்புட் பின்னுக்குப் பின்னால், சிப்புக்குள்ளேயே, 5 வோல்ட் லைனுக்குப் போகும் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறது. பழைய 7400-இல் அது 4 கிலோ ஓம், LS வகையில் சுமார் 20 கிலோ ஓம். வெளியிலிருந்து யாராவது பின்னைக் கீழே இழுத்தால், அந்த ரெசிஸ்டர் வழியாக வரும் கரன்ட் பின் வழியே வெளியேறும். கேட் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும். யாரும் இழுக்காவிட்டால் கரன்ட் உள்ளே அடுத்த ட்ரான்சிஸ்டருக்குப் போகும். கேட் அதை 1 என்று எடுத்துக்கொள்ளும். ஆக, டிடிஎல்லில் இணைக்காத இன்புட் தானாகவே 1 ஆகிவிடுகிறது. நேண்ட் கேட்டுக்கு வேண்டியதும் அதுதான்: ஒரு இன்புட் 1 என்றால் மற்றது தலைகீழாகி வெளியே வரும்.

ஆனால் அது உறுதியான 1 இல்லை. தொங்கும் டிடிஎல் பின்னில் மீட்டரை வைத்தால் 5 வோல்ட் காட்டாது, 1.1 முதல் 1.6 வோல்ட்டுக்குள் ஏதோ ஒன்றைக் காட்டும். 0 என்பதற்கான உச்சவரம்பு 0.8 வோல்ட், 1 என்பதற்கான கீழ்வரம்பு 2 வோல்ட். தொங்கும் பின் இரண்டுக்கும் நடுவில், கேட் மனம் மாறும் புள்ளிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துத் தடத்தில் வேகமான சிக்னல் ஒன்று ஓடினால் போதும், ஒரு கண நேரம் அது 0 ஆகிவிடலாம். நேண்ட் கேட்டில் இது ஒரு சின்ன முள்ளாகப் போய்விடும். 74LS74 போன்ற ஃபிளிப்-ஃப்ளாப்பின் கிளியர் பின்னில் நடந்தால், சேமித்து வைத்தது அழிந்துவிடும். நாளுக்கு ஒருமுறை வரும் அந்தக் கோளாறைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு.

சிமாஸ் கதை வேறு. அங்கே இன்புட் பின் என்பது ட்ரான்சிஸ்டரின் கேட் மின்முனை. மெல்லிய ஆக்ஸைடு படலம் அதை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்து வைத்திருக்கிறது. மேலே இழுக்கவும் ஆளில்லை, கீழே இழுக்கவும் ஆளில்லை. மிச்சமிருப்பது 5 பிகோ ஃபாரட் அளவுள்ள ஒரு குட்டிக் கெபாசிட்டர் மட்டுமே. அதற்குள் 1 நானோ ஆம்பியர் கசிந்தால், 5 மில்லி நொடியில் 1 வோல்ட் ஏறிவிடும். போர்டின் ஈரமும் தூசியும் அவ்வளவு கரன்டைச் சுலபமாகக் கசியவிடும். கை அசைந்தால் மின்புலம் மாறும், பின்னின் வோல்டேஜும் கூடவே மாறும்.

வெதுவெதுப்புக்குக் காரணமும் இங்கேதான். சிமாஸ் கேட்டில் மேலே ஒரு ட்ரான்சிஸ்டர், கீழே ஒன்று. இன்புட் தெளிவான 0 அல்லது 1 ஆக இருந்தால் ஒன்று திறந்து மற்றது மூடியிருக்கும். லைனிலிருந்து தரைக்கு வழி கிடையாது. இன்புட் நடுவில் நின்றால் இரண்டுமே அரைகுறையாகத் திறந்து, கரன்ட் நேராகக் கீழே ஓடும். 74HC00 சும்மா இருக்கும்போது 25 டிகிரியில் 2 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. தொங்கும் இன்புட்கள் அதை மில்லி ஆம்பியர் அளவுக்குக் கொண்டுபோகும். சில நேரம் கேட் தானாகவே அதிரத் தொடங்கி, அந்த இரைச்சலை சப்ளை லைனில் கலந்துவிடும். அதனால்தான் பயன்படாத கேட்களையும் விட்டுவைக்க முடியாது. அவுட்புட்டை யாரும் பார்க்காவிட்டாலும் அவை கரன்டைக் குடித்துக்கொண்டிருக்கும்.

இதைத் தேடும்போது மீட்டரே ஏமாற்றும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் போர்டில் பின் 2-இல் மீட்டரை வைத்தால் 0 வோல்ட் காட்டும், கவுன்டரும் நின்றுவிடும். "எங்கேயோ தரையோடு ஒட்டியிருக்கிறது" என்று ஷார்ட் தேடப் போய்விடுவோம். உண்மையில் அதைக் கீழே இழுத்தது மீட்டருக்குள் இருக்கும் 10 மெகா ஓம்தான். இதே தப்பு நார் கேட்டில் இருந்தால் மீட்டரை வைத்தவுடன் கோளாறு மறைந்துவிடும், எடுத்தால் திரும்பி வரும். அது இன்னும் கொடுமை.

சரி, எப்படிக் கட்டுவது? வேலை செய்யும் கேட்டில் மிஞ்சிய இன்புட் என்றால், மற்ற இன்புட்டைத் தடுக்காத நிலையில் கட்ட வேண்டும்: ஆண்ட், நேண்ட் என்றால் மேலே, ஆர், நார் என்றால் தரைக்கு. ஆக நம் பின் 2 போக வேண்டியது 5 வோல்ட்டுக்கு. முழுக்கப் பயன்படாத கேட் என்றால் சிமாஸில் எந்தப் பக்கம் கட்டினாலும் சரிதான். தடம் எது கிட்டே இருக்கிறதோ அது. பின் 4, 5, 9, 10, 12, 13 ஆறையும் தரைக்குக் கொண்டுபோகலாம். அவற்றின் அவுட்புட்களான 6, 8, 11-ஐ மட்டும் எதனோடும் கட்டக் கூடாது. அவை கரன்டைத் தள்ளும் பின்கள். லைனோடு கட்டினால் ஷார்ட்தான்.

சிமாஸ் இன்புட்டை நேரடியாகக் கட்டலாம், 10 கிலோ ஓம், 100 கிலோ ஓம் வழியாகவும் கட்டலாம். கசிவு அதிகபட்சம் 1 மைக்ரோ ஆம்பியர் என்பதால் 100 கிலோ ஓமில் விழுவது வெறும் 0.1 வோல்ட். டிடிஎல்லில் மேலே கட்டுவது சுலபம். பழைய 74 வகையின் இன்புட் 5.5 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. சப்ளை கொஞ்சம் துள்ளினாலும் சேதம் வரலாம் என்பதால் 1 கிலோ ஓம் வழியாகக் கட்டுவார்கள். LS வகை 7 வோல்ட் வரை தாங்கும், நேரடியாகவே போகலாம்.

பலர் தடுக்கி விழுவது டிடிஎல்லைக் கீழே கட்டும்போது. சிமாஸ் பழக்கத்தில் தரைக்கு ஒரு 10 கிலோ ஓம் போட்டுவிடுவார்கள். ஆனால் LS இன்புட்டைக் கீழே வைக்க அதிலிருந்து 0.4 மில்லி ஆம்பியர் வரை வெளியே இழுக்க வேண்டும். 0.8 வோல்ட்டைத் தாண்டாமல் அவ்வளவு கரன்ட் போக வேண்டுமென்றால் ரெசிஸ்டர் 2 கிலோ ஓமைத் தாண்டக் கூடாது. பழைய 74 வகைக்கு 1.6 மில்லி ஆம்பியர், அதாவது 500 ஓம். 10 கிலோ ஓம் போட்டால் பின் கீழே இறங்காமல் நடுவிலேயே நின்றுவிடும். தொங்கவிட்டதற்கும் கட்டியதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. டிடிஎல்லில் 0 வேண்டுமென்றால் நேராகத் தரைதான் நல்லது.

எல்லாம் கட்டியாகிவிட்டதா என்று பார்க்க, கிளாக்கை நிறுத்திவிட்டு சப்ளையில் ஒரு கரன்ட் மீட்டரைத் தொடராகப் போடுங்கள். அப்புறம் 1 மெகா ஓம் ரெசிஸ்டரின் ஒரு முனையைத் தரையில் வைத்து, மறுமுனையால் சிமாஸ் இன்புட்களை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். பிறகு 5 வோல்ட்டிலிருந்தும் அதே மாதிரி. ஒழுங்காகக் கட்டிய இன்புட் இந்த ரெசிஸ்டருக்கு அசையாது. தொட்டதும் கரன்டோ அவுட்புட்டோ மாறினால், அந்தப் பின் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிறது.