லீவு கேட்கும் செய்தியில் அந்த 😅 வேண்டுமா?

கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் எச்ஆர் வேலை பார்க்கிறேன். மாதாந்திர ஜிஎஸ்டிஆர்-3பி ரிட்டர்னுக்கு 20ஆம் தேதி கடைசி நாள் என்பதால், அதற்கு முந்தைய வாரம் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. போன மாதம் 17ஆம் தேதி மாலை கணக்குப் பிரிவுப் பெண் ஒருவர் போனை நீட்டினார். மேனேஜருக்கு அனுப்ப எழுதி வைத்திருந்தார்:

"சார், அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். ரெண்டு நாள் லீவு வேணும் 😅🙏"

"இந்த நேரத்துல கேக்கவே சங்கடமா இருக்கு மேடம், அதான் போட்டேன். எடுத்துடவா?"

சங்கடம் அவருடையது. படிப்பவருக்கு அது தெரியாது. அம்மாவின் ஆபரேஷனுக்குப் பக்கத்தில் வியர்வையோடு ஒரு சிரிப்பைப் பார்த்தால், 'சும்மா ஒரு காரணம் சொல்கிறாரோ' என்றுதான் முதலில் தோன்றும். மேனேஜர் அதை அப்படியே தன் மேலதிகாரிக்கு ஃபார்வர்டு செய்தால் இன்னும் மோசம். அவருக்கு இந்தப் பெண்ணின் முகம்கூடத் தெரியாது. 🙏 வேறு சிக்கல். வணக்கம், நன்றி, இரங்கல் எல்லாவற்றுக்கும் நாம் அதைத்தான் போடுகிறோம். லீவு கேட்கும் வரியில் வந்தால் கெஞ்சலாகிவிடுகிறது. அம்மாவின் ஆபரேஷனுக்கு லீவு கேட்பவர் ஏன் கெஞ்ச வேண்டும்?

2017இல் வெளியான ஒரு ஆய்வில், முன்பின் அறியாதவரிடமிருந்து வரும் அலுவலக மின்னஞ்சலில் ஸ்மைலி இருந்தால் எழுதியவரின் திறமையைக் குறைவாகவே மதிப்பிட்டார்கள். அன்பானவர் என்ற எண்ணமும் கூடவில்லை. பழகிய மேனேஜரிடம் இது அப்படியே பொருந்தாது. அவரே தினமும் ஸ்மைலி போடுகிறவர் என்றால், சாதாரண நாளில் ஒன்று போவதில் தப்பில்லை. நெருக்கடி வாரத்தில் மட்டும் நான் வேண்டாம் என்பேன். அப்போது அவர் மனதில் ஓடுவது ஒரே கேள்வி: இவர் வேலையை யார் பார்ப்பது? அதற்கான பதில் இருக்க வேண்டிய இடத்தில்தான் 😅 உட்கார்ந்திருந்தது.

இருவருமாக உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

"சார், அம்மாவுக்கு நாளைக்குக் காலைல கண்புரை ஆபரேஷன். 19ஆம் தேதி செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போகணும். 18, 19 ரெண்டு நாள் லீவு வேணும். என்கிட்ட இருக்கற 11 ரிட்டர்ன்ல 8 முடிஞ்சுது. மீதி 3 சீனியர் மேடம் பாத்துக்கறேன்னு சொல்லிட்டாங்க, பைல் அவங்ககிட்ட குடுத்துட்டேன். 19 மதியத்துக்கு மேல போன்ல பேசலாம். 20 காலைல வந்துடுவேன்."

சீனியரிடம் முதலில் பேசி, அவர் சரி என்ற பிறகுதான் அந்த வரியைச் சேர்த்தோம். கேட்காமல் ஒருவர் பெயரைப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் அவர் 'எனக்குத் தெரியாதே' என்று நின்ற கதையை இங்கே பார்த்திருக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் மேனேஜரிடமிருந்து பதில் வந்தது: "சரிம்மா, அம்மாவப் பாத்துக்கோ." அதற்கு அவர் அனுப்பிய நன்றியில் 🙏 இருந்தது. அதை நான் எடுக்கச் சொல்லவில்லை.