சூப்பர்டிரெண்டில் 3 என்பதை 2 ஆக்கினால் என்ன மாறும்?

பங்கு வர்த்தகம் பழக என்னிடம் வருகிறவர்களில் பலர், விலை சார்ட்டில் போக்கைக் காட்டும் சூப்பர்டிரெண்ட் கோடு பச்சையானால் வாங்குவார்கள், சிவப்பானால் விற்பார்கள். இரண்டு நஷ்டம் வந்ததும் அமைப்புக்குள் போய் 3 என்று இருக்கும் மல்டிப்ளையரை 2 ஆக்குவார்கள், அல்லது 4 ஆக்குவார்கள். அந்த எண் எதைப் பெருக்குகிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை. பணம் போகும் இடம் அதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அது பெருக்குவது ஏ.டி.ஆர். என்ற சராசரி ஏற்ற இறக்க அளவை. வெல்ஸ் வைல்டர் 1978இல் அறிமுகப்படுத்திய கணக்கு இது. ஒரு நாளின் அதிகபட்ச விலைக்கும் குறைந்தபட்ச விலைக்கும் உள்ள இடைவெளியை எடுத்துக்கொள்ள வேண்டும். முந்தைய நாள் முடிவு விலையிலிருந்து தாவித் தொடங்கியிருந்தால் அந்தத் தாவலும் சேரும். இதன் சராசரியே ஏ.டி.ஆர். நாளின் நடுவிலையிலிருந்து மல்டிப்ளையர் மடங்கு ஏ.டி.ஆரைக் கழித்தால் கீழ்ப்பட்டை, கூட்டினால் மேல்பட்டை. ஏறுமுகத்தில் கீழ்ப்பட்டையே பச்சைக் கோடு, அது மேலே மட்டுமே நகரும். விலை இறங்கினாலும் அது இறங்காது. முடிவு விலை அதற்குக் கீழே போனால்தான் நிறம் மாறும். அதன்பின் மேல்பட்டையே சிவப்புக் கோடு, அது கீழே மட்டுமே நகரும். முடிவு விலை அதற்கு மேலே போனால் மறுபடி பச்சை.

ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். ஏ.டி.ஆர். 20 ரூபாய். உச்சத்தைத் தொட்ட நாளில் அதிகபட்சம் 1,040, குறைந்தபட்சம் 1,020, முடிவு 1,022. நடுவிலை 1,030. மல்டிப்ளையர் 2 என்றால் கோடு 990இல் நிற்கும். 3 என்றால் 970இல். அடுத்த நாட்களில் முடிவு விலை 1,008, 995, 985 என்று இறங்குகிறது. 985இல் முதல் கோடு சிவப்பாகிவிட்டது. 2 வைத்தவர் விற்றுவிட்டார். அதற்கு மறுநாள் பங்கு 968 வரை இறங்கி 976இல் முடிகிறது. 970ஐ உடைத்தது போலத் தெரிந்தாலும் முடிவு விலை கோட்டுக்கு மேலேயே இருப்பதால் 3 வைத்தவருக்கு நிறம் மாறவில்லை. வர்த்தக நேரத்துக்குள் பார்த்தவருக்கு மட்டும் கோடு சிவப்பாகத் தெரிந்து, பிறகு பச்சைக்கே திரும்பியிருக்கும். நடுவில் தெரியும் நிறத்தை நம்பி ஆர்டர் போடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பங்கு பிறகு 993, 1,009, 1,024 என்று மீள்கிறது. இதற்குள் 2 வைத்தவரின் மேல்பட்டை 1,018 வரை இறங்கி வந்திருக்கும். 1,024இல் மறுபடி பச்சை. 985இல் விற்றதை 1,024இல் வாங்குகிறார். பங்குக்கு 39 ரூபாய் கையை விட்டுப் போனது, தரகும் வரியும் தனி. 3 வைத்தவருக்கு இந்த இறக்கம் நடந்ததாகவே கணக்கில் இல்லை.

இதைப் படித்துவிட்டு 3 தான் சிறந்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 976க்கு மறுநாள் பங்கு மீளாமல் 958இல் முடிந்திருந்தால், 2 வைத்தவர் 985இலேயே வெளியேறியிருப்பார். 3 வைத்தவர் 958இல். 27 ரூபாய் கூடுதல் இழப்பு. சிறிய எண் பக்கவாட்டுச் சந்தையில் அடிக்கடி கட்டணம் வாங்கும். பெரிய எண் உண்மையான திருப்பத்தில் மொத்தமாக வாங்கும்.

நஷ்டத்துக்குப் பிறகு எண்ணை ஏற்றுகிறவர்கள் வாங்கும் அளவைக் குறைப்பதில்லை. நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். அதே உச்ச நாளில் 1,022இல் வாங்கியவருக்கு 2இல் கோடு 32 ரூபாய் தள்ளி இருக்கிறது, 3இல் 52 ரூபாய். ஒரு வர்த்தகத்தில் 2,000 ரூபாய்க்கு மேல் இழக்க மாட்டேன் என்றால் முதலாமவர் 62 பங்குகள் வாங்கலாம், இரண்டாமவர் 38 மட்டுமே. 3இலும் அதே 62 வாங்கினால் ஆபத்து 3,224 ரூபாயாகிவிடும். அதுவும் முடிவு விலை கோட்டருகே வந்தால்தான். இடைவெளியோடு கீழே திறந்தால் இன்னும் கூடும். ஃபியூச்சர்ஸில் குறிப்பிட்ட எண்ணிக்கைப் பங்குகள் கொண்ட லாட்டாகத்தான் வாங்க முடியும், லாட்டைப் பிரிக்க முடியாது. எனவே எண்ணை ஏற்றியபின் ஒரு லாட்டின் ஆபத்தே உங்கள் வரம்பைத் தாண்டினால், அந்த வர்த்தகம் உங்களுக்கானதல்ல.

இன்னொன்று. குறிப்பிட்ட பங்குக்கு 2.7 தான் சரியான எண் என்று பணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய சார்ட்டில் எண்ணை நகர்த்திக்கொண்டே போனால் ஏதோ ஒரு இடத்தில் லாபம் உச்சத்தைத் தொடத்தான் செய்யும். அதே சார்ட்டில் 2.5உம் 3உம் போட்டுப் பாருங்கள். லாபம் கொஞ்சம் கூடிக் குறைந்தால் பரவாயில்லை. 2.7இல் மட்டும் லாபமும் இருபுறமும் நஷ்டமும் வந்தால், ஒன்றிரண்டு பெரிய வர்த்தகங்கள் தற்செயலாகத் தப்பியிருக்கின்றன. அவை எந்தத் தேதி வர்த்தகங்கள் என்று தேடுங்கள். அவற்றை நீக்கிவிட்டு லாபத்தை மறுபடி கூட்டிப் பாருங்கள்.